2,200 பெட்டிக்கு எவ்வளவு ஆர்டர் கொடுக்க வேண்டும்?

"காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை மூன்றுக்கும் அச்சடித்த அட்டைப் பெட்டி வேண்டுமென்று சிவகாசியில் ஓர் அச்சகத்தில் விலைப்பட்டியல் கேட்டு வாங்கினேன். குறைந்தபட்ச ஆர்டர் 1,000. 1,000 முதல் 2,499 வரை பெட்டிக்கு ரூ.14, 2,500 முதல் 4,999 வரை ரூ.12.50, 5,000க்கு மேல் ரூ.11; விலை 15 நாட்களுக்குச் செல்லும் என்று இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஐந்து மாதத்துக்கு எனக்கு 2,200 பெட்டி போதும். இதை எப்படிப் புரிந்துகொண்டு ஆர்டர் கொடுப்பது?"

முதலில் அந்த 1,000 என்ற எண்ணைப் பாருங்கள். அது மொத்த ஆர்டருக்கான எண்ணாக இருப்பது அரிது. பெரும்பாலும் ஒரு டிசைனுக்கு 1,000 என்பதே பொருள். நான்கு வண்ண ஆப்செட் அச்சு என்றால் ஒவ்வொரு டிசைனுக்கும் நான்கு பிளேட் போட வேண்டும், இயந்திரத்தில் வண்ணம் சேரும் வரை சில நூறு தாள்கள் வீணாகும், பிறகு பெட்டியின் வடிவத்துக்கு வெட்டி மடிப்புக்கோடு பதிக்கும் பஞ்சிங் வேலைக்கு டை பொருத்த வேண்டும். நீங்கள் 100 பெட்டி கேட்டாலும் 1,000 பெட்டி கேட்டாலும் இந்தத் தொடக்கச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அதைத் தாங்கும் அளவுக்காவது ஆர்டர் வர வேண்டும் என்று அச்சகம் எதிர்பார்க்கிறது. ஆகவே மூன்று பலகாரத்துக்கும் தனித்தனி டிசைன் என்று நீங்கள் கேட்டால், உங்களுக்குத் தேவை 2,200 ஆக இருந்தாலும் 3,000 பெட்டி எடுக்க வேண்டியிருக்கும்; அதுவும் ஸ்லாபை, அதாவது எண்ணிக்கைக்கேற்ற விலை அடுக்கை, டிசைன் வாரியாகக் கணக்கிட்டால் ரூ.14 வீதம் ரூ.42,000 ஆகும்.

இதற்கு என் யோசனை, மூன்றுக்கும் பொதுவான ஒரே பெட்டியை அச்சிட்டு, பலகாரத்தின் பெயரையும் அதில் சேர்ந்த பொருட்களையும் தனி ஸ்டிக்கராக ஒட்டுவது. அப்போது 2,200 என்பது ஒரே டிசைனின் எண்ணிக்கையாகிவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு எந்தப் பலகாரம் எவ்வளவு போகும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதாலும் இதுவே நல்லது. சீப்புச் சீடைப் பெட்டி தீர்ந்து தேன்குழல் பெட்டி மிஞ்சிக் கிடக்கும் நிலை வராது.

இனி ஸ்லாப். இதில்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ரூ.14 வீதம் 2,200 பெட்டிக்கு ரூ.30,800 ஆகிறது. ரூ.12.50 வீதம் 2,500 பெட்டிக்கு ரூ.31,250 ஆகிறது. அதாவது கூடுதலாக ரூ.450 கொடுத்தால் 300 பெட்டி கிடைக்கிறது. பெட்டி ஒன்று ரூ.1.50தான். 2,233 பெட்டியிலிருந்து 2,499 பெட்டி வரை எந்த எண்ணிக்கையில் ஆர்டர் கொடுத்தாலும், 2,500 எடுப்பதைவிட அதிகப் பணம் கொடுப்பீர்கள். ஸ்லாப் விலைப்பட்டியல் எது கைக்கு வந்தாலும், அடுத்த ஸ்லாபின் தொடக்க எண்ணை அதன் விலையால் பெருக்கி, வரும் தொகையை இப்போதைய ஸ்லாபின் விலையால் வகுத்துப் பாருங்கள். உங்கள் தேவை அந்த எண்ணைத் தாண்டினால் அடுத்த ஸ்லாபுக்குப் போய்விடலாம். உங்கள் தேவை அதற்குச் சற்றே குறைவு என்றாலும் 2,500க்குப் போவதே சரி.

ஆனால் இந்தக் கணக்கு, முழு எண்ணிக்கைக்கும் ஒரே விலை என்றால் மட்டுமே செல்லும். சில நிறுவனங்கள் முதல் 2,499 பெட்டிக்கு ரூ.14 என்றே வைத்து, அதற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு மட்டும் ரூ.12.50 போடுகின்றன. அப்படியானால் 2,500 பெட்டிக்கு ஏறக்குறைய ரூ.35,000 ஆகிவிடும், கூடுதலாக எடுப்பதில் லாபமே இல்லை. பட்டியலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. "2,500 பெட்டிக்கு வரி நீங்கலாக மொத்தத் தொகை எவ்வளவு?" என்று கேட்டு, ஒற்றை எண்ணாகப் பதில் வாங்குங்கள்.

5,000 பெட்டிக்கு ரூ.11 என்பதும் உங்களைச் சபலப்படுத்தும். ரூ.55,000 கொடுத்தால், இரண்டாவது 2,500 பெட்டி ஒன்று ரூ.9.50 வீதம் வந்து விழுகிறது. இருந்தும் நான் வேண்டாம் என்பேன். உங்கள் விற்பனை வேகத்தில் அது தீர 11 மாதத்துக்கு மேல் ஆகும். மடித்துக் கட்டி வைத்த டூப்ளக்ஸ் அட்டைப் பெட்டி ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தை வாங்கினால் நெளிந்துபோகும், ஒட்டிய ஓரம் விடும், நம் பழைய வீட்டு அறைகளில் கரையானையும் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய இடர், பெட்டியில் அச்சிட்ட செய்தி பழசாவது. விலையையோ எடையையோ முகவரியையோ மாற்ற நேர்ந்தால் மீதிப் பெட்டி எல்லாம் வீண். எத்தனை பெட்டி எடுத்தாலும் விலை, தயாரித்த தேதி, பேட்ச் எண் ஆகியவற்றுக்கு வெற்றுக் கட்டம் விட்டு, பிறகு முத்திரை குத்திக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை மட்டும் அச்சிடலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அச்சு வேலையில் கேட்ட எண்ணிக்கையே துல்லியமாக வருவதில்லை. சிறிது கூடவோ குறையவோ வரலாம் என்று பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். நீங்கள் கேட்டது 2,500, வந்தது 2,440 என்றால், பில்லில் எந்த ஸ்லாப் விலை போடுவார்கள்? ஆர்டர் கொடுத்த எண்ணிக்கையின் ஸ்லாப் விலையையே, வந்து சேர்ந்த எண்ணிக்கைக்குப் போட வேண்டும் என்று முன்னரே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

விலை செல்லும் காலம் பற்றி நான் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். தேவகோட்டையில் ஒரு கடைக்குப் பெட்டி வாங்கித் தந்தபோது, 15 நாளுக்குள் தொலைபேசியில் "சரி, போடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். டிசைனில் எழுத்துப் பிழை திருத்துவதில் நாள் ஓடி, முன்பணம் 17ஆம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அட்டை விலை ஏறியிருந்தது. பில் புதிய விலையில் வந்தது. சண்டை போட என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அட்டையை அச்சகமும் வெளியில்தான் வாங்குகிறது, முன்பணம் கைக்கு வந்த பிறகே அதை எடுக்கிறது. அதனால் அவர்கள் காலக்கெடு வைப்பதில் தவறில்லை. எந்த நாளிலிருந்து எந்தச் செயல் வரை என்பதைத்தான் நான் கேட்கத் தவறினேன்.

15 நாள் என்பது பட்டியலில் போட்ட தேதியிலிருந்து எண்ணப்படும்; உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. அதற்குள் ஆர்டர் கடிதம் போனால் போதுமா, முன்பணம் சேர வேண்டுமா, டிசைன் ஒப்புதலும் முடிய வேண்டுமா என்று கேளுங்கள். "அனுப்பும் நாளின் விலையே செல்லும்" என்ற வரி எங்காவது இருந்தால், அந்த 15 நாளுக்குப் பொருளே இல்லை. அதை நீக்கச் சொல்லுங்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் சிவகாசி அச்சகங்களில் காலண்டர், டைரி வேலை நெருக்கும், பெட்டி வரத் தாமதமாகும் என்பதால் அந்த நிபந்தனை உங்களை நேரடியாகப் பாதிக்கும். வரி விகிதம் மாறினால் மட்டும் பில் போடும் நாளின் விகிதம்தான்; அதில் பேரம் இல்லை.

ஆர்டர் கடிதத்தில் இப்படி எழுதி, அவர்கள் "சம்மதம்" என்று பதில் போட்ட பிறகு முன்பணம் அனுப்புங்கள்: "ஒரே டிசைனில் 2,500 பெட்டி, முழு எண்ணிக்கைக்கும் பெட்டி ஒன்று ரூ.12.50, வரியும் லாரி வாடகையும் தனி. எண்ணிக்கை குறைந்து வந்தாலும் இதே விலை. இந்த விலைப்பட்டியலின் காலக்கெடுவுக்குள் முன்பணம் சேர்ந்தால், பெட்டி எந்த நாளில் அனுப்பப்பட்டாலும் விலை மாறாது."