சிறுவர் தொலைக்காட்சி வினாடி வினா: மூன்று தலைமுறைக்கும் பொதுவாக என்ன கேட்கலாம்?

கேள்வி: "எங்கள் பள்ளியில் ஒரு மாலை வினாடி வினா நடத்துகிறோம். ஒவ்வொரு மேசையிலும் பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி எல்லாரும் கலந்து இருப்பார்கள். பழைய சிறுவர் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி ஒரு சுற்று வேண்டும். யாரும் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. எப்படிக் கேட்கலாம்?"

தாத்தாவுக்கு நான்கு, அப்பாவுக்கு நான்கு, பிள்ளைக்கு நான்கு என்று கேள்விகளைப் பங்கு பிரிப்பதுதான் பள்ளிகளில் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒருவர் விடை எழுதும்போது மற்றவர்கள் போண்டா தின்றுகொண்டிருப்பார்கள். ஒரே கேள்விக்குள் இரண்டு வயதினர் நுழைய வழி இருக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு இதை வையுங்கள்: "1988-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்தவர், 1997-இல் குழந்தைகளுக்காக வேறொரு வேடம் போட்டார். எந்த வேடம்?" விடை, சக்திமான். நடிகர் முகேஷ் கன்னா. பாட்டிக்குப் பீஷ்மரின் முகம் நினைவில் இருக்கும், பெயர் வராது. அம்மாவுக்குச் சக்திமான் தெரியும், அவர்தான் பீஷ்மர் என்று தோன்றியிருக்காது. இருவரும் பேசினால்தான் விடை வரும். சும்மா "சக்திமானாக நடித்தவர் யார்?" என்று கேட்டால் இந்தப் பேச்சே நடக்காது.

ஒரு கேள்வியை எப்படித் தேற்றி எடுப்பது என்பதற்கு பாலு கரடியை எடுத்துக்கொள்கிறேன். "மோக்லியின் கரடி நண்பன் பெயர் என்ன?" என்று கேட்டால் எல்லா மேசையும் கேள்வி முடிவதற்குள் எழுதிவிடும், மதிப்பெண் வித்தியாசமே வராது. "டேல்ஸ்பின் தொடரில் வரும் விமானத்தின் பெயர் என்ன?" என்றால் தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்காட்சி முன்னால் கழித்த யாரோ ஒரு அப்பா மட்டும் துள்ளுவார். இரண்டையும் இணைத்துப் பாருங்கள்:

"நான் 1894-இல் வந்த ஒரு புத்தகத்தில் காட்டுச் சட்டம் கற்பிக்கும் ஆசான். 1990-இல் டிஸ்னி எனக்குச் சரக்கு விமானம் ஓட்டும் வேலை கொடுத்தது. என் பழைய பகைவன் அதில் கோட்டு சூட்டு போட்ட பெரும் முதலாளி. நான் யார், அந்த முதலாளி யார்?"

பாலு, ஷேர் கான். புத்தகம் படித்த தாத்தா முதல் வரியிலேயே நிமிர்வார், அப்பாவுக்கு விமானம், கடைசி வரி வந்தால் பிள்ளையும் பிடித்துவிடும். குறிப்புகளைக் கடினமானதிலிருந்து எளியதற்கு இறக்கிக்கொண்டே வர வேண்டும். தலைகீழாக வைத்தால் முதல் வாக்கியத்தோடு கேள்வி செத்துப்போகும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அரை மதிப்பெண் கொடுங்கள், பாதி தெரிந்தவர்களும் எழுதுவார்கள்.

அதையொட்டியே அடுத்தது: "1993-இல் தூர்தர்ஷனில் இந்தியில் வந்த மோக்லி கார்ட்டூன் எந்த நாட்டில் தயாரானது? டோரேமானும் ஷின் சானும் அதே நாட்டுக்காரர்கள்தான்." ஜப்பான். பார்த்த பெற்றோரில் பலர் இந்தியா என்றோ அமெரிக்கா என்றோ அடித்துச் சொல்வார்கள். குல்சார் எழுதிய பாட்டும் விஷால் பரத்வாஜின் இசையும் அதை அவ்வளவு நம் ஊர்ச் சரக்காக்கிவிட்டன. இங்கே பிள்ளைதான் அப்பாவைத் திருத்தும். அந்தக் காட்சிக்காகவே இந்தக் கேள்வியை விடமாட்டேன்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் தொடர்களில் பெரும்பாலானவை இந்தியில் வந்தன. இந்தி தெரியாத வீடுகளில் படத்தையும் பாட்டையும் வைத்தே கதையைப் புரிந்துகொண்டார்கள். ஆகவே வசனத்தையோ துணைப் பாத்திரங்களின் பெயரையோ கேட்பது வீண். மெட்டைப் போடுங்கள். சுவாமியும் அவன் நண்பர்களும் வரும் மால்குடி டேஸின் முகப்பு இசை நான்கு நொடி ஒலித்தால் போதும், ஐம்பது வயதுக்காரர்கள் அத்தனை பேரும் முணுமுணுப்பார்கள். தொடரின் பெயரைக் கேட்காதீர்கள், அது தானாக வந்துவிடும். "இதற்கு இசையமைத்தவர், வயலின் கலைஞர்கள் எல். சுப்ரமணியம், எல். சங்கர் ஆகியோரின் சகோதரர். யார்?" என்று கேளுங்கள். எல். வைத்தியநாதன். கூடவே, "முகப்பில் வரும் ஓவியங்களை வரைந்தவருக்கும் கதாசிரியருக்கும் என்ன உறவு?" ஆர்.கே. லக்ஷ்மணும் ஆர்.கே. நாராயணும் உடன்பிறந்தவர்கள். நாளிதழில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த தாத்தாவுக்கு இது சொந்த வீட்டுக் கேள்வி.

சுட்டி டிவி தலைமுறையை மறந்துவிடக் கூடாது. அவர்கள் இப்போது அக்கா, அண்ணன் வயதில் இருப்பார்கள். "குள்ளநரி திருடக் கூடாது" என்று நீங்கள் வாசித்தாலே அரங்கம் சிரிக்கும். கேள்வி அதன் பிறகுதான்: "தமிழில் பேசிய டோரா நமக்கு ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுத்தாள். அமெரிக்க மூலத்தில் ஆங்கிலம் பேசிக்கொண்டே வேறு எந்த மொழியைக் கற்றுக்கொடுத்தாள்?" ஸ்பானிஷ். பேரனோடு உட்கார்ந்து பார்த்த பாட்டிகளும் இதில் வாய் திறப்பார்கள்.

இனி, சண்டை வரக்கூடிய இடங்கள். "டாம் அண்ட் ஜெர்ரி எந்த ஆண்டு தொலைக்காட்சியில் தொடங்கியது?" என்று கேட்டுவிடாதீர்கள். அவை 1940 முதல் திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்ட குறும்படங்கள்; தொலைக்காட்சிக்கு அவை பிற்பாடுதான் வந்தன. தெரிந்த ஒருவர் எழுந்து வாதாடினால் சுற்று நின்றுவிடும். அதற்குப் பதிலாக, "முதல் படத்தில் டாமின் பெயர் டாம் இல்லை, என்ன?" என்று கேட்கலாம். ஜாஸ்பர். எலியின் பெயரைக் கேட்காதீர்கள். படத்துக்குள் அதை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, இணையத்தில் மட்டும் ஒரு பெயர் உலவுகிறது.

டோரேமானிலும் அப்படித்தான். அவன் ஏன் நீல நிறமானான் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. காதை இழந்த அதிர்ச்சியில் வெளுத்தான் என்றும், அழுது அழுது மஞ்சள் நிறம் உதிர்ந்தது என்றும் இரண்டு விதமாக எழுதுவார்கள், இரண்டுக்கும் ஆதாரம் காட்டுவார்கள். காதைத் தின்றது எது என்று கேளுங்கள். எலி. பூனை இயந்திரம் எலிக்குப் பயப்படுவதன் காரணமும் அதுதான் என்பதால், தொடரைப் பார்க்காத தாத்தாகூட யோசித்துச் சொல்லிவிடலாம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கேள்வித்தாளை முன்கூட்டியே ஒரு மாணவர், ஒரு பெற்றோர், ஒரு மூத்தவர் என மூவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். மூவரும் சொல்லிவிட்டால் அது மிக எளிது. ஒருவர் மட்டும் சட்டென்று சொல்லி மற்ற இருவரும் வெறித்துப் பார்த்தால், அந்த இருவருக்குமான குறிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூவரும் "தெரிந்த மாதிரி இருக்கிறதே" என்று இழுத்தால், அதுதான் உங்களுக்கு வேண்டிய கேள்வி. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கேள்விகள் போதும். ஒவ்வொன்றையும் இருமுறை வாசியுங்கள். பேனா மேசையில் இருக்கும் மிக இளையவர் கையில் இருக்கட்டும். பெரியவர்கள் காதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சமநிலை வந்தால் எண் கேள்வி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்: "ஜப்பானில் தயாரான அந்த மோக்லி தொடர் மொத்தம் எத்தனை பகுதிகள்? அருகில் வருபவர் வெற்றி." 52. வாரம் ஒன்று, ஆண்டு முழுவதும் என்று கணக்குப் போடுகிற மேசைக்குப் பரிசு போகும்.