இலாபம் 25 சதவீதமா, 18 சதவீதமா? கொழும்புச் சிறு கம்பனிக்காரர்களின் கேள்விகள்

பழைய சோனகத் தெரு, இரும்புக்கடை: ஐயா, போட்ட பணத்துக்கு 25 சதவீதம் வருகிறது என்று கணக்காளர் சொல்கிறார். அதே தாளில் ஈடுபடுத்திய மூலதனத்தின் வருவாய் 18 என்றும் எழுதியிருக்கிறார். எதை நம்புவது?

இரண்டும் சரி, தம்பி. நீங்கள் அனுப்பிய ஐந்தொகையில் உங்கள் சொந்த மூலதனம் 100 இலட்சம், வங்கிக் கடன் 300 இலட்சம். இந்த 400 இலட்சமும் சேர்ந்து, வட்டிக்கும் வரிக்கும் முன் 72 இலட்சம் ஈட்டியிருக்கின்றன. அதுதான் 18 சதவீதம். கடனுக்கு 12 சதவீத வட்டியாக 36 இலட்சம் போனது. மீதி 36இல் 30 சதவீதம் வரி போக 25.2 இலட்சம் உங்கள் கைக்கு வந்தது. அதை 100இன் மேல் வைத்துப் பார்த்ததால் 25 ஆயிற்று.

வங்கிப் பணம் 18 ஈட்டி 12ஐத் திருப்பிக் கொடுத்தது. இடையிலுள்ள 6 உங்கள் பக்கம் விழுந்தது. வட்டி 20 சதவீதமானால் இதே கடை, இதே வியாபாரம், 18 அப்படியே நிற்க, உங்கள் 25 மட்டும் 8.4க்கு இறங்கும். 24 சதவீதமானால் மிச்சம் பூச்சியம். 2022 இறுதியில் நம் வங்கி வட்டிகள் அதையும் தாண்டின. அதனால் முதலில் 18ஐக் கடன் வட்டியோடு ஒப்பிடுங்கள். 25ஐப் பிறகு பார்க்கலாம்.

வெள்ளவத்தை, புடவைக்கடை: எனக்குக் கடனே இல்லை, மேலதிகப்பற்று மட்டும்தான். என் சொந்த மூலதனம் 120 இலட்சம், வட்டிக்கு முந்திய இலாபம் 30 இலட்சம். ஆக எனக்கு 25 சதவீதம், சரிதானே?

பாதி சரி. மேலதிகப்பற்றை ஓராண்டுக்குள் தீரும் பொறுப்பாக எழுதுவதால் அது மூலதனக் கணக்கில் சேராமல் தப்பிவிடுகிறது. ஆனால் அது உண்மையில் தீர்கிறதா? பன்னிரண்டு மாத வங்கிக் கூற்றை எடுத்து, மிகக் குறைந்த நிலுவை எவ்வளவு என்று பாருங்கள். எந்த மாதமும் 80 இலட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால், அந்த 80 உங்கள் கடையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் கடன். 30ஐ 200ஆல் வகுங்கள். 15தான் வரும்.

இன்னொன்று. உங்கள் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. சித்திரைப் புத்தாண்டுக்காகச் சேலைகள் அலமாரி நிறைய அடுக்கியிருக்கும் நேரம் அது. இருப்பும் மேலதிகப்பற்றும் உச்சத்தில் நிற்கும். அந்த ஒரு நாளின் படத்தை வைத்து ஆண்டு முழுவதையும் அளக்கக் கூடாது. மாதமுடிவு நிலுவைகளின் சராசரியை எடுங்கள்.

தெஹிவளை: அப்படியானால் எனக்கு வங்கி 50 இலட்சம் தருமா, ஐயா?

அது வேறு கேள்வி. வங்கி முதலில் பார்ப்பது தவணையைக் கட்டப் பணம் வருமா, பிணைக்கு என்ன இருக்கிறது என்பதையே. இந்தச் சதவீதங்கள் நீங்கள் வாங்கலாமா என்று சொல்லுமே தவிர, அவர்கள் தருவார்களா என்று சொல்லாது.

கொட்டாஞ்சேனை, அச்சகம்: நானும் மனைவியும் சம்பளம் எடுப்பதில்லை. சொந்த மூலதனத்துக்கு 35 சதவீதம் வருகிறது. நிலையான வைப்பைவிட எவ்வளவோ மேல் அல்லவா?

வைப்பில் போட்ட பணத்துக்காக யாரும் காலை எட்டு மணிக்கு அச்சியந்திரத்தைத் துடைப்பதில்லையே! உங்கள் 100 இலட்சத்துக்கு வரிக்கு முன் 50, வரி போக 35. உங்கள் இருவர் வேலைக்கும் வெளியாட்களை வைத்தால், ஆளுக்கு மாதம் ஒன்றரை இலட்சமென்றாலும் ஆண்டுக்கு 36 இலட்சம் போகும். மீதி 14, வரி போக 9.8. மூலதனம் ஈட்டியது அந்த 9.8தான், மற்றது உங்கள் உழைப்பின் கூலி. கம்பனியை விற்க நினைத்தாலும், வாங்குபவர் இந்தக் கணக்கைத்தான் போடுவார்.

பம்பலப்பிட்டி, மருந்தகம்: கட்டடம் எங்களுடையது. 1998இல் வாங்கிய விலையான 15 இலட்சமே ஏட்டில் நிற்கிறது. என் வருவாய் விகிதம் எங்கோ உயரத்தில் இருக்கிறது.

ஏட்டு விலை பழையதாக இருப்பதால்தான் அந்த உயரம். கட்டடத்தை மூலதனத்திலிருந்து எடுத்துவிட்டு, அதற்கு இன்று எவ்வளவு வாடகை வருமோ அதை இலாபத்தில் கழித்துப் பாருங்கள். அல்லது இன்றைய விலையை மூலதனத்தில் சேர்த்து, வாடகையைக் கழிக்காமல் விடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கட்டடத்துக்கு இருமுறை தண்டம் கட்டுவீர்கள். வாடகை போனபின் இலாபமே இல்லையென்றால், சம்பாதிப்பது கட்டடம், மருந்தகம் அல்ல.

வாசகர் ஒருவர்: ஆனால் அந்தச் சந்தியில் இருப்பதால்தானே அவருக்கு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்? கட்டடத்தையும் கடையையும் எப்படிப் பிரிப்பது?

நியாயமான மறுப்பு. அந்தச் சந்தியின் வாடகையில் வாடிக்கையாளர் வரத்தின் விலையும் ஓரளவு அடங்கியிருக்கிறது. முழுவதும் அடங்கியிருக்கிறதா என்பதில் கணக்காளர்களும் ஒத்துப்போக மாட்டார்கள். நான் வாடகையைக் கழித்தே பார்ப்பேன். அக்கம்பக்கத்துக் கடைகள் இன்று கொடுக்கும் வாடகையை அவர் விசாரித்து எழுதினால் மேலே பேசலாம்.