அழுங்குக் குட்டிக்கு என்ன பெயர்?

அன்புள்ள அக்காவுக்கு,

வாரம் ஒரு அத்தியாயமாக இணையத்தில் படக்கதை வரையப் போகிறேன். 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கானது. நாயகன் ஒரு அழுங்குக் குட்டி, எறும்புதின்னி என்கிறோமே, அதுதான். பயந்தால் பந்தாகச் சுருண்டுவிடுவான். ‘எழில்’ என்று பெயர் வைத்து, ‘அழுங்குக் குட்டி எழில்’ என்று தலைப்புப் போடலாமா? நண்பர்கள் ‘சுருட்டு’ என்கிறார்கள்.
– ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள தங்கைக்கு,

‘எழில்’ அழகான பெயர்தான், ஆனால் இந்தக் கதைக்கு வேண்டாம். நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ழகரம் வராது. உங்கள் தலைப்பில் அது இரண்டு இடத்தில் வருகிறது. முன்பு என் முயல் கதைக்குக் ‘குழலி’ என்று பெயர் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குட்டிக்குக் கதை முழுக்கப் பிடித்திருந்தது, ஆனால் அதை மறுபடி கேட்கும்போது பெயர் சொல்லாமல் “அந்த முயல் கதை” என்றுதான் கேட்டாள். பிள்ளை கேட்டதும் அம்மா போனில் தேட வேண்டும். Ezhil, Elil, Ezil என்று ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். கூப்பிட்டும் பாருங்கள். ‘எழில்’ மெய்யெழுத்தில் முடிவதால் கடைசி ஒலியை இழுக்க முடியாது. தெருமுனையில் நின்று கூப்பிடவும் தொடக்கப் பாட்டில் நீட்டிப் பாடவும் உயிரொலியில் முடிகிற பெயர்தான் வசதி.

‘சுருட்டு’ வேண்டவே வேண்டாம். அது புகைக்கிற சுருட்டு. திருடுவதையும் ‘சுருட்டுவது’ என்கிறோம். ‘உருட்டு’ தோன்றினால் அதையும் விட்டுவிடுங்கள், இப்போது அதற்குப் புளுகு என்றே பொருள். ‘சுருளி’ நல்ல பெயர், ஆனால் தேடினால் தேனிப் பக்கத்து அருவிதான் முதலில் வரும்.

என் யோசனை ‘பம்மு’. பயந்து ஒடுங்குவதைப் பம்முவது என்போம், உங்கள் குட்டி செய்வதும் அதுதான். பகரமும் மகரமும் மழலைக்கு முதலில் வசப்படுகிற ஒலிகள், அம்முவும் பொம்முவும் அப்படி வந்த செல்லப் பெயர்கள்தான். “பம்மூ!” என்று எவ்வளவு தூரத்துக்கும் இழுக்கலாம். ‘பம்முறான்’ என்பதைக் கிண்டலாகவும் சொல்கிறோமே என்று தோன்றலாம். அந்தக் கிண்டலையே கதையில் யாராவது அவனிடம் சொல்லட்டும், அவன் அதை எப்படி எடுத்துக்கொள்கிறான் என்பதே ஒரு நல்ல அத்தியாயம். ஆங்கிலத்தில் Pammu என்றே பதியுங்கள். ஒரு m விட்டால் Pamu, தெலுங்கில் அது பாம்பு.

அப்புறம் தலைப்பு. தமிழில் அடைமொழி முன்னால் நிற்கும், பெயர் கடைசிக்குப் போய்விடும். போன் திரையில் ‘அழுங்குக் குட்டி…’ என்பதோடு தலைப்பு வெட்டுப்பட்டால் உங்கள் நாயகன் பெயரே தெரியாது. ‘டோரா தி எக்ஸ்ப்ளோரர்’ 2000இல் வந்தது. பெண் பயணியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ‘எக்ஸ்ப்ளோரடோரா’. அதன் வாலில்தான் டோரா இருக்கிறாள். தமிழுக்கு வந்தபோது இந்தச் சொல்விளையாட்டு போய்விட்டது, குரங்கு பூட்ஸ்கூட புஜ்ஜி ஆனான். ஆனால் டோரா மாறவில்லை. ‘டோராவின் பயணங்கள்’ என்று பெயரை முன்னாலேயே நிறுத்தி, பின்னால் வருவதை மட்டும் நமக்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஒரு ‘-வின்’ போதுமானதாக இருந்தது.

அதே வழியில் ‘பம்முவின்…’ என்று தொடங்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது ‘பம்மு வெளியே வா!’ சுருண்டு கிடக்கிற குட்டியைப் படிக்கிற பிள்ளையே கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஐம்பதாவது அத்தியாயத்தில் அவன் தைரியசாலி ஆகிவிட்டால் தலைப்பு பழசாகிவிடும். அதனால் ‘பம்மு’ என்பதை மட்டும் பெரிய எழுத்தில் வரைந்து முத்திரையாக வைத்துக்கொள்ளுங்கள். ‘வெளியே வா!’ கீழே சிறிய வரியாக இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

வரையத் தொடங்குமுன், தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. காப்பது வணிகக்குறிப் பதிவுதான். அந்தத் துறையின் இணையத் தேடலில் எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடுவதோடு நிறுத்தாமல், ஒலியை வைத்தும் தேடிப் பாருங்கள். Pammu இல்லாவிட்டாலும் Bammu இருக்கலாம், காதுக்கு இரண்டும் ஒன்றுதான். வணிகக்குறிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்துத்தான் பதிவார்கள். அச்சுப் புத்தகத்துக்கு 16ஆம் வகுப்பு, தொடருக்கு 41ஆம் வகுப்பு. இரண்டையும் தேடுங்கள்.

கடைசியாக, நாலைந்து பிள்ளைகளிடம் குட்டியின் படத்தைக் காட்டி, பெயரை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் படத்தை மட்டும் காட்டி, இவன் யார் என்று கேளுங்கள். “எறும்புதின்னி” என்றார்கள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பெயர் தேடுவோம்.

அன்புடன்,
அக்கா