"ஸ்டேபிள்" என்று எழுதினால் ஏன் போதாது?

கேள்வி: சர்ஜிகல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. நைட் டியூட்டி முடிந்ததும் ஹேண்டோவர் நோட்டில் எல்லாம் எழுதித்தான் கொடுக்கிறேன். ஆனாலும் வீட்டுக்குப் போனபின் போன் செய்து, "இதை ஏன் சொல்லவில்லை?" என்கிறார்கள். எதை விடுகிறேன்?

பதில்: பெரும்பாலும் நீங்கள் கடைசி அளவை மட்டும் எழுதியிருப்பீர்கள், அது எங்கிருந்து எங்கே வந்தது என்பதை விட்டிருப்பீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

"7-ம் பெட்: பிபி 104/70, பல்ஸ் 112, ஐவி போகிறது, ஸ்டேபிள்." இதைப் படிக்கும் பகல் சிஸ்டர் பதறமாட்டார். அதே நோயாளிக்கு ராத்திரி 10 மணிக்கு பிபி 130/80, பல்ஸ் 84. 2 மணிக்கு 118/74, பல்ஸ் 96. மூன்றையும் வரிசையாக வைத்தால் பிபி இறங்குவதும் பல்ஸ் ஏறுவதும் கண்ணில் படும். வயிற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள் இப்படி நடந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதா, உடம்பில் நீர் குறைகிறதா என்று பார்த்தாக வேண்டும். "ஸ்டேபிள்" என்ற சொல் இதைத்தான் மூடிவிட்டது. அந்தச் சொல்லையே நோட்டில் எழுதாதீர்கள் என்பேன்.

யூரினும் அப்படித்தான். "யூரின் 90 மிலி" என்றால் ஒன்றும் புரியாது. பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மிலியாவது வர வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாலு மணி நேரத்தில் 120 மிலி, வந்தது 90தான். எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் குறைவு என்று தெரியும்.

அடுத்தது, பாதியில் நிற்கும் வேலை. "லேப் ரிப்போர்ட் பார்க்கவும்" என்று எழுதினால் அது யாருடைய வேலையும் ஆகாது. நான் இப்படி எழுதுவேன்: "6.10க்கு டியூட்டி டாக்டரிடம் சொல்லியாயிற்று. அவர் சொன்னபடி ரிங்கர் லாக்டேட் 500 மிலி, 7.20க்கு முடிந்தது. ஹீமோகுளோபின், கிரியாட்டினின் சாம்பிள் 6.30க்குப் போனது; ரிப்போர்ட் வரவில்லை, 8.30க்கு லேபுக்குப் போன் செய்ய வேண்டும். 8.20க்கு யூரின் அளக்கணும். அந்த ஒரு மணி நேரத்தில் 30 மிலிக்குக் கீழே வந்தாலோ, பல்ஸ் 110க்குக் கீழே இறங்காவிட்டாலோ, வயிற்றில் வைத்த டிரெயின் ட்யூபில் புது ரத்தமாக வந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடணும்." கடைசி வரிதான் முக்கியம். எப்போது கவலைப்பட வேண்டும் என்பதை ராத்திரி முழுக்கப் பார்த்த நீங்கள்தான் சொல்ல முடியும்.

சிக்கல் இல்லாத பெட்டுகளுக்கு ஒரு வரி போதும். எல்லாவற்றுக்கும் அரைப் பக்கம் எழுதினால் 7-ம் பெட் அதில் காணாமல் போய்விடும்.

இந்த மாதிரிப் பெட்டுக்கு மட்டும் நோட்டோடு நேரிலும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். யூரின் ட்யூப் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தாலும் யூரின் குறைவாகத்தான் காட்டும். டாக்டரைக் கூப்பிடும் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டியது அது. கைமாற்றும்போது ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.