மொபைல் படத்தில் ஆப் திரை ஒட்டுப் போட்டது போல் தெரிகிறதே?

"செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம். ஆர்டர் எடுக்க ஆப் செய்திருக்கிறோம். ஏற்காடு பகோடா பாயிண்டில் கையில் போனைப் பிடித்து எடுத்த படத்தில் ஆப்பின் திரையை வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போல் இருக்கிறது. சுற்றியுள்ள கறுப்பு விளிம்பு ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. விலை எழுத்தையும் படிக்க முடியவில்லை. எங்கே தப்பு?"
— வாசகர், சேலம்

உங்கள் படத்தில் போன் அணைந்திருக்கிறது. அணைந்த போனில் திரையும் கறுப்பு, விளிம்பும் கறுப்பு. எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாததால் நான்கு மூலைகளையும் குத்துமதிப்பாக இழுத்திருப்பீர்கள்.

இன்னொரு முறை மலையேற முடிந்தால் ஒரே இடத்தில் இரண்டு படம் எடுங்கள். முதல் படத்தில் போன் முழுக்க வெறும் வெள்ளைப் படம், பிரைட்னஸ் முழுசாக. அடுத்ததில் போன் அணைந்திருக்க வேண்டும். கேமரா ஸ்டாண்டில் இருக்கட்டும், எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள், முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொண்டால் கை நகராது. வெள்ளைப் படத்தில் திரையின் மூலைகள் துல்லியமாகத் தெரியும். போட்டோஷாப்பில் Distort போட்டு ஆப் திரையை அந்த மூலைகளுக்கு இழுங்கள். மூலை வளைவை இழுப்பதற்கு முன்பே, திரை நேராக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும்.

மலையேற நேரமில்லை என்றால் ஸ்கேலை எடுங்கள். போனின் மொத்த அகலம் 72 மி.மீ., ஒளிரும் பகுதி 65 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 3.5 மி.மீ. படத்தில் திரை 600 பிக்சல் அகலம் என்றால் விளிம்பு சுமார் 32 பிக்சல். இந்த விளிம்பையும் திரையையும் ஒரே படமாக வரைந்து, சேர்த்தே இழுங்கள். போன் சாய்ந்திருந்தால் தூரத்து விளிம்பு தானாக மெலியும். அந்த அளவு வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும்.

ஸ்டிக்கர் போல் தெரிவதற்குக் காரணம் வெளிச்சம். அணைந்த கண்ணாடியில் வானமும் உங்கள் சட்டையும் லேசாகப் பிரதிபலித்திருக்கும். ஆப் படத்தை அதன்மேல் அப்படியே வைத்தால் அந்தப் பிரதிபலிப்பு மறைந்துபோகிறது. நிஜத்தில் திரையின் ஒளி அதோடு கூடும். எனவே அணைந்த போன் படத்தின் மேல் ஆப் படத்தை Screen என்ற கலப்பு முறையில் வையுங்கள். கறுப்பு எழுத்து கொஞ்சம் சாம்பலாகும். வெளியில் போன் பார்க்கும்போது அப்படித்தானே தெரிகிறது!

அடுத்து, திரையின் வெள்ளை எவ்வளவு வெள்ளையாக இருக்கலாம்? உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டை போன் திரையைவிடப் பல மடங்கு பிரகாசம். அங்கே 255 மதிப்புள்ள தூய வெள்ளையை வைத்தால் பொய் உடனே தெரியும். பனி மூடிய காலை பரவாயில்லை. பின்னணிப் பனி 240 என்றால் திரையின் வெள்ளையை 190 பக்கம் இறக்கிப் பாருங்கள். வராந்தா நிழலில் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே திரைதான் பிரகாசம்.

நிழலில் எடுத்தால் மட்டும் ஒளிச் சிதறல் தேவை. அது போனைச் சுற்றி ஒளிவட்டமாக வராது. விளிம்பும் திரையும் ஒரே கண்ணாடியின் கீழ் இருப்பதால் விளிம்பின்மேல் ஒளி விழ வழியில்லை. திரைக்கு மேல் நீட்டிய கட்டைவிரலின் அடிப்பக்கத்தில்தான் விழும். ஒருமுறை நானும் Outer Glow போட்டு ஒரு நோட்டீஸ் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது போன் டியூப்லைட் மாதிரி இருந்தது. சரியான வழி: ஆப் திரையின் நகலை Gaussian Blur மூலம் நன்றாகக் குழைத்து, விரலுக்கு மட்டும் மாஸ்க் போட்டு, Screen முறையில் மெல்லிசாக வையுங்கள். திரை நீலமென்றால் விரலில் நீலம் படரும். இரண்டு படமும் எடுத்திருந்தால் விரலில் எங்கே, எவ்வளவு என்பதை வெள்ளைப் படமே காட்டிவிடும்.

எழுத்துக்கு வருவோம். 1080 பிக்சல் அகலப் போஸ்டில் உங்கள் திரை 320 பிக்சல்தான். வாடிக்கையாளர் அதைத் தன் போனில் பார்க்கும்போது திரை 19 மி.மீ. அகலம். ஆப்பில் 14 அளவில் இருக்கும் எழுத்து முக்கால் மில்லிமீட்டராகச் சுருங்கும். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி; 'கொலுசு' தப்பும், 'வெள்ளி' சேறாகும். ஷார்ப்பன் செய்து இதை மீட்க முடியாது.

படத்தை வெட்டி, திரை 600 பிக்சல் வரும்படி போனைப் பெரிதாக்குங்கள். அப்புறம் நிஜ ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிட்டு, படத்துக்கென்றே ஒரு திரை செய்யுங்கள்: ஒரு கொலுசு, எடை, விலை, ஆர்டர் பட்டன். எழுத்து 24 அளவு. 360 அகலத் திரையில் 24 என்றால் போஸ்டில் 40 பிக்சல், பார்ப்பவர் கையில் சுமார் 2.4 மி.மீ. உங்கள் ஆப்பை நேரில் திறந்தால் தெரியும் எழுத்தும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆப்பில் இல்லாத பட்டனை மட்டும் அதில் வரைந்துவிடாதீர்கள். டவுன்லோட் செய்தவர் அதைத்தான் முதலில் தேடுவார்.