பல் பதினாறு, உயரம் 78 செ.மீ.: வயது என்ன?

“காரைக்குடியில் எங்களிடம் தற்காலிக வளர்ப்புக்கு வந்த பெண் குழந்தை. 78 செ.மீ., பதினாறு பல், ‘ஆச்சி’, ‘தா’ என்று ஏழெட்டுச் சொல்தான். ஒன்றேகால் வயது என்கிறார்கள். சரியா?”

எனக்கு அது குறைவாகப் படுகிறது. 78 செ.மீ. என்பது நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெண் குழந்தைக்கு 15, 16 மாத உயரம். ஆனால் பட்டினி உயரத்தைப் பிடித்து வைக்கும் அளவுக்குப் பல்லைப் பிடித்து வைக்காது. அதனால் முதலில் பல்லைப் பாருங்கள். பதினாறில் நாலு கோரைப்பல்லும் இருந்தால், அவை வழக்கமாக 16 முதல் 23 மாதத்துக்குள் வருபவை. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, கீழே கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறைத் தடவுங்கள். கெட்டியாகப் புடைத்திருந்தால் இரண்டு வயதை ஒட்டியவள். தட்டையாக இருந்தால் ஒன்றரையை ஒட்டியவளாக இருக்கலாம்.

பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். பேச ஆள் இல்லாமல் வளர்ந்த குழந்தைக்குச் சொற்கள் தாமதமாகத்தான் வரும். நீங்கள் சொல்வது அவளுக்குப் புரிகிறதா என்று பாருங்கள். “முற்றத்தில் கிடக்கிற செருப்பை எடுத்துவா” என்றால் போய் எடுத்து வருகிறாளா?

குழந்தைகள் நலக் குழுவிடம் ஒரே எண்ணாகச் சொல்லாமல், பல் மருத்துவர் குறிப்போடு ‘18 முதல் 26 மாதம்’ என்று எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து உயரத்தைத் திரும்ப அளந்து பாருங்கள். நல்ல சாப்பாட்டில் விறுவிறுவென்று கூடியிருந்தால், பழைய அளவு பட்டினியின் அளவுதான்.