பீட்டா-அலனின் குடித்ததும் வரும் சுருசுருப்பு

கேள்வி: கடலூர் வெள்ளிக் கடற்கரைச் சாலையில் 400 மீட்டரை வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறேன். பீட்டா-அலனின் குடித்தால் காது, கழுத்தெல்லாம் சுருசுருவென்கிறது. ஆபத்தா? சிட்ருலினும் வேண்டுமா?

பதில்: ஆபத்தில்லை. தோலின் நரம்பு நுனிகளை அது தூண்டுவதால் வரும் உணர்வு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரே வேளையில் 3.2 கிராம் குடிப்பவர் அதையே 0.8 கிராமாக நான்கு வேளை உணவோடு பிரித்துக்கொண்டால் மிகவும் குறையும்.

பீட்டா-அலனின் என்பது, தசை கார்னோசின் என்ற பொருளை உண்டாக்கப் பயன்படுத்தும் அமினோ அமிலம். ஒன்றரை நிமிட வேக ஓட்டத்தில் தசைக்குள் பெருகும் அமிலத்தன்மையைக் கார்னோசின் தாங்கிக்கொள்கிறது. ஐப்பசி மழையில் தெருவுக்குள் வெள்ளம் வருவதைத் தூர்வாரிய குளம் சற்றுத் தள்ளிப்போடுவது போன்றது இது. குளத்தை மழையன்று தூர்வார முடியாது என்பதால்தான் குறைந்தது நான்கு வாரம் தினமும் எடுக்க வேண்டியிருக்கிறது. பலனும் சிறிதே: எட்டு ஓட்டங்களில் கடைசி இரண்டில் வேகம் சற்றுக் குறைவாகச் சரியலாம்.

சிட்ருலினும் ஓர் அமினோ அமிலம்தான்; அது உடலில் ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவுகிறது. ஆயினும் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லாததால், நான் அதற்குப் பணம் செலவிடச் சொல்லமாட்டேன். இரத்த அழுத்தத்துக்கோ நெஞ்சுவலிக்கோ மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு இரண்டும் வேண்டாம். நிதானமாக ஓடுபவர்களுக்குத் தேவையே இல்லை.

சுருசுருப்பு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தோல் நரம்பின் செய்தி மட்டுமே, தசையில் கார்னோசின் சேர்ந்ததற்கான அடையாளம் அல்ல.